விப் பேனில் இரண்டு இடங்களைச் சேர்த்தால் கட் அப்பட்டமாகத் தெரிகிறது. என்ன காரணம்?

நிழல்வரை · மார்ச் 4, இரவு 9.10

இரண்டு கிளிப். முதலாவது அறைக்குள் எடுத்தது: ஃபுல் ஃபிரேம் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. டிரைபாடில் வைத்து வலப்பக்கம் சடாரெனத் திருப்பியது. இரண்டாவது உச்சி வெயிலில், போனின் மெயின் லென்ஸில், கையில் பிடித்து எடுத்தது. அதுவும் வலப்பக்கம்தான் திரும்புகிறது. திசை சரி, திருப்பிய வேகமும் ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் கட் கண்ணில் குத்துகிறது. அறை வழுவழுவென்று இழுபடுகிறது, வெளிக்காட்சி வந்ததும் படம் துண்டு துண்டாகத் தாவுகிறது. போனில் எல்லாமே ஆட்டோ. மறுபடி எடுக்க வழி இருக்கிறது. அதற்குமுன் கையில் இருப்பதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கிறேன்.

சரவெடி · மார்ச் 4, இரவு 9.32

வேகம் பத்தல. ரெண்டாவது கிளிப்ப 400 சதவீதம் ஸ்பீடு ஏத்துங்க, கட் எங்க இருக்குன்னே தெரியாது. விப் பேனுக்கு வேகம்தான் எல்லாம்.

ஓரக்கண் · மார்ச் 4, இரவு 10.05

ஸ்பீடு ஏற்றினால் இன்னும் மோசமாகும். ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த இழையின் கேள்விக்கான பதில் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

திருப்பும்போது கேமரா ஒரு ஃபிரேமுக்கு 10 டிகிரி நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 ஃபிரேமில் ஷட்டர் 1/50 என்றால் அந்த நேரத்தில் பாதிதான் ஷட்டர் திறந்திருக்கும். ஆகவே பதிவாகும் இழுவை 5 டிகிரி. 50 மி.மீ. லென்ஸ் கிடைமட்டத்தில் சுமார் 40 டிகிரி பார்க்கும். 40-இல் 5 என்பது எட்டில் ஒரு பங்கு. 1920 பிக்சல் அகலப் படத்தில் 240 பிக்சல் நீளத்துக்கு ஒவ்வொரு புள்ளியும் கோடாக இழுபட்டிருக்கும். அதுதான் உங்கள் அறைக் காட்சியின் வழுவழுப்பு.

இப்போது போன். மெயின் லென்ஸ் பெரும்பாலும் 26 மி.மீ.க்கு இணை, சுமார் 69 டிகிரி பார்க்கும். வெயிலில் ஆட்டோ ஷட்டர் 1/1000-க்குப் போயிருக்கும், அதற்கு மேலும் போயிருக்கலாம். அதே வேகத்தில் திருப்பினால் 1/1000 நொடியில் கேமரா நகர்வது கால் டிகிரி. படத்தில் அது 7 பிக்சல். ஆனால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் காட்சி 278 பிக்சல் தாவுகிறது. 7 பிக்சல் ப்ளர், 278 பிக்சல் தாவல். அதனால்தான் கண்ணுக்கு ஓட்டம் தெரியாமல் தனித்தனிப் படங்கள் தெரிகின்றன.

ஸ்பீடு ஏற்றினால் நடுவில் உள்ள ஃபிரேம்கள் கழிக்கப்படும். தாவல் 278-லிருந்து ஆயிரத்தைத் தாண்டும். ப்ளர் அதே 7-இல் நிற்கும். ப்ளர் என்பது ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் பதிவானது, டைம்லைனில் ஓட்டும் வேகம் அதைத் தொடாது.

சரவெடி · மார்ச் 4, இரவு 10.21

சரி, ஆனா ஃபிரேம் பிளெண்டிங் போட்டா நாலு ஃபிரேம் ஒண்ணா கலந்து ப்ளர் மாதிரி வருமே? நான் அப்படித்தான் செய்றேன், நல்லா வருது.

ஓரக்கண் · மார்ச் 4, இரவு 10.40

உங்களுக்கு நன்றாக வருகிறதென்றால் நீங்கள் நொடிக்கு 100 ஃபிரேமில், ஷட்டர் 1/100 பக்கத்தில் எடுத்திருப்பீர்கள். அங்கே ஒரு ஃபிரேமின் இழுவை முடியும் இடத்தில் அடுத்ததன் இழுவை தொடங்கும். நாலைந்தைக் கலந்தால் ஒரே நீளக் கோடாகச் சேரும். அப்படி எடுத்ததற்கு உங்கள் வழி சரியான வழி. இவருடையது 1/1000-இல் எடுத்த 25 ஃபிரேம். கலந்தால் ஒரே மரம் நாலு இடத்தில் மங்கலாக நிற்கும்.

சரவெடி · மார்ச் 4, இரவு 10.44

ஆமா, 100-லதான் எடுப்பேன்.

மேசைவிளக்கு · மார்ச் 5, காலை 7.15

நானும் இதைத்தான் கேட்கணும்னு இருந்தேன். எடிட்டிங் ஆப்பில் வைப் டிரான்சிஷன் பட்டியலில் இடமிருந்து வலம், வட்டம், கடிகார முள் எல்லாம் இருக்கு. இடம் மாறும்போது எதைப் போட்டால் நல்லா இருக்கும்? என் கிளிப்பில் ஆள் ஒருத்தர் கேமரா முன்னாடி குறுக்கே நடந்து போறார், அந்த இடத்தில் போடலாம்னு நினைக்கிறேன்.

தேன்சிட்டு · மார்ச் 5, காலை 8.02

பட்டியலில் உள்ள வைப் எதுவும் வேண்டாம். குறுக்கே நடக்கும் ஆளையே வைப்பாக்கலாம். அது பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போதைக்கு அந்தக் கிளிப்பை வெட்டாமல் முழுசாக வைத்திருங்கள். ஆள் ஃபிரேமை விட்டு முழுவதும் வெளியேறும்வரை வேண்டும்.

நிழல்வரைக்கு: மறுபடி எடுப்பதற்குமுன் செய்து பார்க்க வேண்டியது செயற்கை ப்ளர். Premiere Pro-வில் `Directional Blur`. அதில் `Direction` 0 என்றால் மேலும் கீழுமாக இழுக்கும், கிடைமட்டத்துக்கு 90 வைக்க வேண்டும். `Blur Length`-க்கு கீஃபிரேம் போட்டு, கட் விழும் ஃபிரேமில் அறைக் காட்சியின் இழுவை அளவுக்கு ஏற்றி, பேன் நிற்கும்போது பூஜ்யத்துக்கு இறக்குங்கள். எண்ணைப் பார்த்து வைக்காதீர்கள். கட்டுக்கு முந்தைய ஃபிரேமையும் பிந்தைய ஃபிரேமையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கோடுகளின் நீளம் ஒத்துவரும் இடத்தில் நிறுத்துங்கள். ஃபிரேமின் இரண்டு ஓரத்திலும் ப்ளர் கறுப்பையோ வெறுமையையோ உள்ளே இழுக்கும். படத்தை 110 சதவீதமாகப் பெரிதாக்கினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

நிழல்வரை · மார்ச் 5, இரவு 8.50

செய்தேன். பாதி கிணறு தாண்டியாயிற்று. தாவல் போய்விட்டது. ஆனால் இன்னும் இரண்டு விஷயம் உறுத்துகிறது. கட்டில் ஒரு வெளிச்ச வெட்டு, மின்னல் அடித்த மாதிரி. இன்னொன்றைச் சொல்லத் தெரியவில்லை, கோடுகள் ஏதோ சாய்ந்து போகின்றன.

நகர்வைக் கணித்துத் தானே ப்ளர் போடும் எஃபெக்டையும் முயன்றேன். சில ஃபிரேமில் நன்றாக, சில ஃபிரேமில் குழம்பிக் கூழாக வருகிறது.

ஓரக்கண் · மார்ச் 5, இரவு 9.30

கூழாவதற்குக் காரணம் அந்த 278 பிக்சல். கணிக்கும் எஃபெக்ட், இந்த ஃபிரேமில் இருந்த ஜன்னல் அடுத்ததில் எங்கே போயிற்று என்று தேடும். அவ்வளவு தூரம் தாவினால் வேறு ஜன்னலை அதே ஜன்னல் என்று எடுத்துக்கொள்ளும். இவ்வளவு வேகமான பேனுக்கு, எதையும் தேடாமல் எல்லாவற்றையும் ஒரே பக்கம் இழுக்கும் ப்ளர்தான் நம்பகமானது.

சாய்வு: அறைக் காட்சி டிரைபாடில் மட்டமாகத் திரும்பியது, அதன் இழுவைக் கோடுகள் படுகிடையாக இருக்கும். கையில் பிடித்துத் திருப்பும்போது போன் வளைந்து இறங்கும் அல்லது ஏறும். சாதாரண ஷாட்டில் 4, 5 டிகிரி சாய்வை யாரும் பார்க்க மாட்டார்கள். இங்கே படம் முழுக்கக் கோடுகளாக இருப்பதால் அந்தச் சாய்வு ஒன்றுதான் கண்ணில் படும். எஃபெக்டின் திசையைக் கிளிப்பின் உண்மையான நகர்வுத் திசைக்குத் திருப்பி வையுங்கள். பிறகு கிளிப்பையே எதிர்ப்பக்கம் அதே அளவு சுழற்றி, பேன் நிற்பதற்குள் சுழற்சியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். நிற்கும் ஃபிரேம் நேராக இருந்தால் போதும்.

வெளிச்சம்: கட்டை அதிவேகமான ஃபிரேமில்தான் வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அதை இரண்டாவதாக வைப்பேன். முதலில் பார்ப்பது இரண்டு பக்கமும் ப்ளர் முழுமையாக உள்ள ஃபிரேம்களை. அங்கே எப்படியும் நாலைந்து ஃபிரேம் கிடைக்கும். அவற்றுக்குள் எந்த ஜோடியில் வெளுப்பும் இருட்டும் ஒத்து விழுகின்றன என்று தேடுங்கள். அறையின் பேனில் ஜன்னலோ விளக்கோ வெள்ளைச் சுவரோ கடக்கும் ஃபிரேம் இருக்கிறதா? அதில் வெட்டி, வெளிக்காட்சியை அதே அளவு பிரகாசமான பகுதி கடக்கும் ஃபிரேமில் தொடங்குங்கள். பிரகாசத்திலிருந்து பிரகாசத்துக்குப் போனால் மின்னல் அடிக்காது.

நிழல்வரை · மார்ச் 5, இரவு 10.15

அறையில் திரைச்சீலை கடக்கும் ஃபிரேம் ஒன்று இருக்கிறது. அதில் வெட்டினேன். ஒரு ஃபிரேம் முன்னால் போனதில் இவ்வளவு வித்தியாசம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது யாராவது தேடினால்தான் தெரியும்.

தேன்சிட்டு · மார்ச் 5, இரவு 10.31

கட்டின் மேல் 2 ஃபிரேம் டிசால்வும் போடுங்கள். மிச்சமிருக்கும் வெளிச்ச வித்தியாசம் அதில் கரையும்.

ஓரக்கண் · மார்ச் 5, இரவு 10.48

இதில் நான் உடன்படவில்லை. டிசால்வில் இரண்டு இடத்தின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று தெரியும். கோடுகளின் மாறுபாடு பாதியாகி அந்த இரண்டு ஃபிரேம் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். ஓட்டம் ஒரு கணம் தளர்ந்ததுபோல் இருக்கும். வெளிச்சத்தை கிரேடிங்கில் சரிசெய்வதே மேல்: வெளிக்காட்சியின் முதல் 3 ஃபிரேமை இறக்கி, 5, 6 ஃபிரேமில் இயல்புக்கு விடுங்கள். நிறமும் அப்படியே. அறையின் மஞ்சள் சாயலை வெளியின் தொடக்கத்தில் கொஞ்சம் ஏற்றி, ப்ளர் குறையும்போது கழற்றிவிடலாம்.

தேன்சிட்டு · மார்ச் 5, இரவு 10.55

கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே நீளம் என்றால் சாம்பல் பூப்பது தெரியாது. நீளம் மாறினால் நீங்கள் சொல்வது நடக்கும். நான் டிசால்வ் பக்கம்தான்.

நிழல்வரை · மார்ச் 7, மாலை 6.20

இரண்டையும் போட்டுப் பார்த்தேன். எனக்கு கிரேடிங் பிடித்திருந்தது, பக்கத்திலிருந்து பார்த்தவருக்கு டிசால்வ். அதை அப்படியே விடுகிறேன்.

மறுபடி எடுப்பதாக முடிவு செய்துவிட்டேன், ஏனென்றால் செயற்கை ப்ளர் கட்டில் பொருந்தினாலும் பேன் நிற்கும் கடைசி 3 ஃபிரேமில் பொருந்தவில்லை. அங்கே நகர்வு சீராகக் குறையவில்லை. இரண்டு ஃபிரேம் அசையாமல் நின்று பிறகு எம்பிக் குதிக்கிறது. போனை என்னென்ன அமைப்பில் வைக்க வேண்டும்?

ஓரக்கண் · மார்ச் 7, இரவு 9.05

நின்று குதிப்பது ஸ்டெபிலைசேஷன். கை நடுக்கம் என்று நினைத்துத் திருப்பலை எதிர்க்கும், ஓரத்தில் இடம் தீர்ந்ததும் விட்டுவிடும். அதை அணைத்துவிடுங்கள். கிம்பலில் வைத்தாலும் இதே சிக்கல்தான். கையைத் திருப்பிய பிறகு கிம்பல் தாமதமாகத் தொடரும், வேகம் உச்சத்துக்கே போகாது.

ஷட்டர் 1/50-இல் பூட்டுங்கள். பெரும்பாலான போன்களில் லென்ஸின் துளை மாறாது, f/1.8 அளவில் திறந்தே இருக்கும். நேரடி வெயிலில், ஐ.எஸ்.ஓ. 50-இல் அந்தத் துளைக்குச் சரியான ஷட்டர் 1/4000 பக்கம். அதை 1/50 ஆக்க 80-இல் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வர வேண்டும். என்டி 64 ஃபில்டர் ஏறக்குறைய அங்கே கொண்டுவிடும். நிழலான இடம் என்றால் என்டி 8 அல்லது 16. சுழற்றும் வகை என்டி வாங்கினால் கடைசி எல்லைவரை சுழற்றாதீர்கள், அகல லென்ஸில் படத்தின் குறுக்கே இருட்டுப் பட்டை விழும்.

இப்போது இரண்டிலும் 1/50. ஆனாலும் முன் கணக்கின்படி 69 டிகிரியில் 5 டிகிரி இழுவை 139 பிக்சல்தான். அறையில் 240. ஆக, போனை அறையில் திருப்பியதைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு வேகமாகத் திருப்ப வேண்டும். சரவெடி முதலில் சொன்ன வேகம் இங்கே தேவைப்படுகிறது, எடுக்கும்போது. இல்லையென்றால் போனில் 2 மடங்கு லென்ஸுக்கு மாறுங்கள். 52 மி.மீ.க்கு இணை, அதே வேகத்தில் திருப்பினால் போதும். நான் என்றால் அதைத்தான் செய்வேன். ஆனால் சில போன்களில் 2 மடங்கு என்பது தனி லென்ஸ் இல்லை, மெயின் சென்சாரின் நடுப்பகுதி. அதனால் இதற்குக் குறை ஒன்றுமில்லை.

எக்ஸ்போஷர், ஃபோகஸ், வொயிட் பேலன்ஸ் மூன்றையும் பேன் நிற்கும் இடத்தை வைத்துப் பூட்டுங்கள். தொடங்கும் இடத்தை வைத்துப் பூட்டுவது பழக்கதோஷத்தில் வரும். இங்கே தொடங்கும் இடம் படத்திலேயே இருக்கப்போவதில்லை.

சரவெடி · மார்ச் 7, இரவு 9.20

இன்னொண்ணு. முதல் கிளிப்ப நிக்கிற மாதிரி எடுக்கக் கூடாது. 90 டிகிரி வேணும்னா 150 டிகிரி திருப்பணும், கட்டுக்கு அப்புறமும் கேமரா ஓடிட்டே இருக்கணும். ரெண்டாவதுல எதிர்ப்பக்கம் முதுக காட்டி நின்னு ஆரம்பிச்சா, காட்சி வர்றதுக்குள்ள முழு வேகம் வந்துடும். கால நிக்கப்போற பக்கம் வச்சுட்டு இடுப்ப மட்டும் பின்னாடி முறுக்கி ஆரம்பிங்க. நிக்கிறப்ப உடம்பு நேரா இருக்கும், ஆடாது.

ஓரக்கண் · மார்ச் 7, இரவு 9.26

கால் பற்றிச் சொன்னது அருமை. கையில் எடுக்கும் பேன் கெடுவது பெரும்பாலும் நிற்கும் இடத்தில்தான்.

தேன்சிட்டு · மார்ச் 8, காலை 10.40

மேசைவிளக்குக்குச் சொன்னபடி, குறுக்கே கடக்கும் பொருளை வைத்து இடம் மாற்றுவது. ஆளைவிடத் தூணில் விளக்குவது சுலபம், கை கால் ஆடாது.

கேமரா வலப்பக்கம் நகர்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் உள்ள தூண் ஃபிரேமின் வலது ஓரத்தில் நுழைந்து இடது ஓரத்தில் வெளியேறுகிறது. நமக்கு வேண்டியது தூணின் பின்விளிம்பு, அதாவது வலது விளிம்பு. தூண் உள்ள கிளிப் மேல் டிராக், புதிய இடம் கீழ் டிராக். பின்விளிம்பு ஃபிரேமுக்குள் தலைகாட்டும் கணத்திலிருந்து, அதன் வலப்பக்கம் உள்ளதை மாஸ்க் போட்டு நீக்கிக்கொண்டே வர வேண்டும். தூண் இடப்பக்கம் போகப்போக, அதன் பின்னாலிருந்து புதிய இடம் விரியும். புதிய இடத்தில் தூணே வேண்டியதில்லை.

கீஃபிரேமை முதல் ஃபிரேமிலும் கடைசியிலும் போடுங்கள், பிறகு நடுவில், பிறகு ஒவ்வொரு பாதியின் நடுவில். கடப்பதற்கு 12 ஃபிரேம் என்றால் 5, 6 கீஃபிரேமில் முடிந்துவிடும்.

இதில் எல்லோருக்கும் சறுக்கும் இடம் விளிம்பு. 1920 பிக்சலை 12 ஃபிரேமில் கடந்தால் ஒரு ஃபிரேமுக்கு 160 பிக்சல். ஷட்டர் பாதி நேரம் திறந்திருப்பதால் விளிம்பு 80 பிக்சலுக்கு மங்கியிருக்கும். அந்த 80 பிக்சல் தனித்தூண் இல்லை, தூணும் பழைய இடமும் கலந்தது. மாஸ்க்கை அதன்மேல் வைத்தால் பழைய இடத்தின் வெளிச்சம் ஒரு ஒளிக்கோடாகத் தூணோடு ஒட்டிக்கொண்டு வரும். பின்னால் வானம் இருந்தால் வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரியும். ஆகவே மாஸ்க்கைத் தூணின் கெட்டியான பகுதிக்குள் தள்ளுங்கள், ஃபெதரையும் சுமார் 80 பிக்சல் வைத்து, அந்த மங்கல் முழுவதும் கெட்டிப் பகுதிக்குள்ளேயே விழும்படி பாருங்கள். தூண் கொஞ்சம் ஒல்லியாகும், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மேசைவிளக்கு · மார்ச் 8, பகல் 1.10

இப்போ புரியுது, பட்டியலில் உள்ளது வேண்டாம்னு ஏன் சொன்னீங்கன்னு. ஆனால் என் ஆள் கேமராவிலிருந்து மூணு மீட்டர் தள்ளிப் போறார். தலைக்கு மேல இடம் தெரியுது. கேமரா நகரலை, அசையாமல் இருக்கு.

தேன்சிட்டு · மார்ச் 8, பகல் 2.35

தலைக்கு மேல் இடம் தெரிந்தால் அவரால் படத்தை மூட முடியாது. தலைக்கு மேலே பழைய இடமும் புதிய இடமும் நேருக்கு நேர் முட்டும். அங்கே மறைக்க எதுவும் இல்லை. இரண்டு கிளிப்பிலும் மேல் பகுதி வெறும் வானமாகவோ ஒரே மாதிரிச் சுவராகவோ இருந்தால் மென்மையான மாஸ்க்கில் கலக்கலாம். இல்லையென்றால் மறுபடி எடுங்கள். ஆளை ஒரு மீட்டருக்குள் நடக்கவிடுங்கள், தோளிலிருந்து இடுப்புவரை ஃபிரேமை நிரப்பட்டும். அடர்ந்த நிறத்தில் தளர்வான சட்டை நல்லது. கையை உடம்போடு வைத்து நடக்கச் சொல்லுங்கள், வீசும் கைக்கும் இடுப்புக்கும் நடுவில் வரும் இடைவெளி மாஸ்க் போடுபவரின் உயிரை எடுக்கும்.

கேமரா அசையாமல் இருப்பது குற்றமில்லை. இரண்டு கிளிப்பிலும் அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று நகர்ந்து இன்னொன்று நின்றால், பொருள் மறைத்தது என்ற எண்ணமே பார்ப்பவருக்கு வராது. அட்டையைத் தள்ளிப் படம் மாற்றியதுபோல் இருக்கும்.

ஓரக்கண் · மார்ச் 8, இரவு 8.15

இரண்டு சேர்க்கிறேன். பொருள் லென்ஸை நெருங்கும்போது ஆட்டோ ஃபோகஸ் அதன்மேல் பாயும், ஆட்டோ எக்ஸ்போஷர் படம் இருண்டதாக நினைத்து ஏற்றும். அடர்ந்த சட்டை சாம்பலாகி நெய்த நூல்கூடத் தெரியும். பூட்டியிருந்தால் அது இருட்டாகவே கடக்கும், இருட்டான பொருளுக்கு மாஸ்க் பிழை பெரும்பாலும் மறையும்.

இன்னொன்று, அறையின் மஞ்சள் வெளிச்சம் பட்ட தூணின் பின்னால் பட்டப்பகல் விரிந்தால் தூண் ஒட்டவைத்ததுபோல் நிற்கும். அது கடக்கும் பின்பாதியில் மேல் டிராக்கின் எக்ஸ்போஷரைக் கீழே இறக்கிக்கொண்டே போங்கள். பகலுக்கு முன்னால் நிற்கும் பொருள் நிழலுருவாகத்தான் தெரியும், கண் அதை ஏற்றுக்கொள்ளும்.

நிழல்வரை · மார்ச் 11, இரவு 9.40

மறுபடி எடுத்தேன். 2 மடங்கு லென்ஸ், 1/50, என்டி 64, ஸ்டெபிலைசேஷன் இல்லாமல். சரவெடி சொன்னபடி கால்களை நிற்கப்போகும் திசையில் வைத்தேன். எஃபெக்ட் எதுவும் போடாமல் நேரடி கட். திரைச்சீலை ஃபிரேமுக்கு எதிரே, வெளியில் வெள்ளைச் சுவர் கடக்கும் ஃபிரேம் கிடைத்தது. கிரேடிங்கில் 3 ஃபிரேம் மட்டும் தொட வேண்டியிருந்தது.

ஒலிக்கு என்ன செய்வது? அறையின் அமைதியிலிருந்து வெளியின் இரைச்சலுக்குக் கட்டிலேயே மாறினால் காது கட்டைக் காட்டிக்கொடுக்கிறது.

தேன்சிட்டு · மார்ச் 11, இரவு 10.02

வெளி ஒலியை கட்டுக்கு 6, 7 ஃபிரேம் முன்னாலேயே மெல்ல ஏற்றிவிடுங்கள். பேன் தொடங்கும்போதே காது வெளியே போய்விடும், கண் பின்னால் வரும். "உஷ்" சத்தம் சேர்ப்பதானால் அதன் உச்சம் கட்டில் விழ வேண்டும், பேன் தொடங்கும் இடத்தில் விழக் கூடாது.

ஓரக்கண் · மார்ச் 11, இரவு 10.20

"உஷ்" இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அமைதியான காட்சியில் அந்தச் சத்தம்தான் இங்கே ஒரு டிரான்சிஷன் இருக்கிறது என்று கூவும்.

சரவெடி · மார்ச் 12, காலை 6.50

ஒரு சந்தேகம். 50 ஃபிரேம் டைம்லைன்ல இதே கணக்கு எப்படி? ஷட்டர் 1/100 வச்சா ப்ளர் பாதியாயிடுமே.

ஓரக்கண் · மார்ச் 12, காலை 7.30

ப்ளர் பாதியாகும், தாவலும் பாதியாகும், விகிதம் மாறாது. அதனால் 1/100-இலும் ஓட்டம் கெடாது. ஆனால் 5 டிகிரி இழுவையில் மறைந்த விவரங்கள் இரண்டரை டிகிரியில் கொஞ்சம் தலைகாட்டும். பேனுக்கு மட்டும் 1/50 வைக்கலாம், 50 ஃபிரேமில் அதுதான் எட்டக்கூடிய அதிகபட்சம். ஷாட்டின் நின்ற பகுதியில் ஆட்கள் நடந்தால் அங்கே கொஞ்சம் குழைவாகத் தெரியும், அது பிடிக்குமா என்று எடுத்துப் பார்த்துதான் சொல்ல முடியும். 25-இல் எடுத்ததையும் 50-இல் எடுத்ததையும் ஒரே பேனில் சேர்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.